எண்ணெய்ப் படலமும் பதினோரு நாளும்

எங்கள் வீட்டு காஸ் அடுப்பு எவர்சில்வரால் ஆனது என்பதை 1996 டிசம்பர் வாக்கில் நான் ஏறக்குறைய மறந்துவிட்டிருந்தேன். 1988 ஆகஸ்டில் அது பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்தபோது மேல்தகட்டில் முகம் தெரிந்தது என்று என் அந்த வருட டைரியில் இருக்கிறது. எட்டு வருடத்தில் அதன் மேல் ஒரு தோல் வளர்ந்திருந்தது. பர்னரைச் சுற்றிக் கறுப்பு, அதைத் தாண்டிக் கருப்பட்டிப் பாகின் நிறம், ஓரங்களில் தேன் நிறம். பழைய இடங்களில் நகத்தால் கீறினால் நகம்தான் தேயும். புதிய இடங்களில் விரல் ஒட்டும்.

நான் அழுக்கான பெண் இல்லை. இதை யாரும் கேட்காமலே சொல்லிக்கொள்வது வேடிக்கைதான். ஆனாலும் உண்மை. எட்டு வருடமும் ஒரு நாள் தவறாமல் அடுப்பைத் துடைத்தேன். சமையல் முடிந்ததும், தகடு சூடாக இருக்கும்போதே, அடுப்படித் துணியை நனைத்துப் பிழிந்து ஒரு இழுப்பு. அந்தத் துணியிலேயே எண்ணெய் இருந்தது. வெறும் தண்ணீர் எண்ணெயை எடுக்காது, பரப்பும். பரப்பிய எண்ணெய் மறுநாள் சூட்டில் காய்ந்து வார்னிஷ் மாதிரி இறுகும். அதன் மேல் மறுநாள் இன்னொரு பூச்சு. அந்தத் தோலை நான்தான் தினமும் பூசி வளர்த்திருக்கிறேன். இது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணன் ஒரு அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அவர் மனைவி, நான் மைனி என்று கூப்பிடும் என் மதினி, பள்ளிக்கூட ஆசிரியை. நான் அண்ணனுக்கு எட்டு வயது இளையவள், முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவள். பட்டப்படிப்பும் தட்டச்சும் முடித்திருந்தேன். 1988இல் அம்மா படுக்கையில் விழுந்தபோது பார்த்துக்கொள்ள வந்தவள். அம்மா போன பிறகு அண்ணன் மகளின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி, கல்யாணம் என்று ஒவ்வொன்றாக வந்தது. அந்தப் பெண் 1996 மே மாதம் கல்யாணமாகி பம்பாய்க்குப் போனாள். இனி இந்த வீட்டில் நான் இல்லாவிட்டால் நின்றுபோகும் காரியம் எதுவும் இல்லை என்று நினைத்தேன். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பெண்கள் விடுதிக்கு வார்டன் வேண்டும் என்று சபையில் அறிவித்தபோது யாரிடமும் சொல்லாமல் எழுதிப் போட்டேன். டிசம்பர் 24 அன்று பதில் வந்தது. ஜனவரி 6, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்து பொறுப்பேற்க வேண்டும். வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள் என்றும் அதில் இருந்தது.

அன்றைக்கு முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் சுட்டுக்கொண்டிருந்தேன். மாவு ஒட்டிய கையோடு கடிதத்தை வாசித்துவிட்டு மளிகைச் சாமான் டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். கிறிஸ்துமஸ் முடிந்து மறுநாள், வியாழக்கிழமை, காலைச் சாப்பாட்டில் அண்ணனிடம் நீட்டினேன்.

அண்ணன் கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை படித்தார்.

"ஆறாந்தேதியா?"

"ஆமாண்ணே."

"அதுக்கென்ன, பைய பாக்கலாம்."

இந்த வாக்கியம் எனக்குப் பழக்கமானது. தட்டச்சு வேலை ஒன்று வந்தபோது 1989இல் சொன்னது. ஒரு வரன் வந்தபோது 1991இல் சொன்னது. அண்ணன் யாரையும் அதட்டியதில்லை, எதையும் மறுத்ததும் இல்லை. பைய பார்க்கலாம் என்பார். பார்ப்பதற்குள் அது போய்விடும்.

"பைய பாக்க நாள் இல்லண்ணே. பதினோரு நாள்தான் இருக்கு."

அண்ணன் மதினியைப் பார்த்தார். மதினி இட்லியைப் பிட்டபடியே அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"போறதுன்னா போ. நான் தடுக்கலை. ஆனா அடுப்பை இந்தக் கோலத்துல என் தலையில கட்டிட்டுப் போகாத. எனக்கு அதைத் தொடவே கூசுது. சுத்தம் பண்ணி ஒப்படைச்சிட்டுப் போ."

"அவ்வளவுதானா மைனி?"

"அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு அடுப்பு, பதினோரு நாள். அன்றைய டைரியில் "நிபந்தனை ஒன்றே" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

மதினியைப் பற்றி இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். அவள் இடக்கைக்காரி. கரும்பலகையில் எழுத மட்டும் சின்ன வயதில் அடித்து வலக்கையைப் பழக்கியிருந்தார்கள். வீட்டில் காய் நறுக்குவதும் பூட்டுத் திறப்பதும் இடக்கைதான். இரண்டாவது, அவளுக்கு காஸ் என்றால் பயம். பத்திரிகையில் சிலிண்டர் வெடித்த செய்தி வந்தால் கத்தரித்து வைத்துக்கொள்வாள். எட்டு வருடத்தில் அவள் அடுப்பைப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை மதியம் நான் நூலகத்துக்கும் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கும் போய்விட்டு ஐந்தரைக்குத் திரும்புவேன். அதுவரை காப்பி குடிக்காமல் காத்திருப்பாள் என்றுதான் வீட்டில் பேச்சு. "உங்க தங்கச்சி வந்தாத்தான் எனக்குக் காப்பி" என்று அண்ணனிடம் சொல்வாள்.

வெள்ளிக்கிழமை புளியோடு தொடங்கினேன். எங்கள் பக்கத்தில் எது மங்கினாலும் கை தானாகப் புளிக்கும் சாம்பலுக்கும் போகும். பித்தளைக் குடத்தைத் தேய்த்த பழக்கத்தில் ஒரு உருண்டைப் புளியை ஊறவைத்து, சாம்பல் தொட்டு, அரை மணி நேரம் தேய்த்தேன். பர்னரின் பித்தளை மூடிகள் பொன்னாகிவிட்டன. தகட்டில் இருந்த தோல் அசையவில்லை. சாம்பல் ஒட்டிய இடத்தில் இன்னும் அசிங்கமானது.

சனிக்கிழமை கத்தியை எடுத்தேன். தோல் செதிலாகப் பெயர்ந்தது, சந்தோஷப்பட்டேன். துடைத்துப் பார்த்தால் அடியில் தகட்டில் மூன்று நீளக் கீறல்கள். அவை இன்றைக்கும் இருக்கின்றன. மதினி வந்து எட்டிப் பார்த்தாள்.

"சுத்தம் பண்ணச் சொன்னா சித்திரம் வரையுத?"

"இன்னும் ஒம்பது நாள் இருக்கு மைனி."

"எண்ணு, எண்ணு. நாளை எண்ணுததுல உன்னை மிஞ்ச ஆள் கிடையாது."

ஞாயிறு வேலை செய்யவில்லை. திங்கட்கிழமை, 30ஆம் தேதி, அடுத்த வீட்டுப் பெண் சர்க்கரை கேட்டு வந்தாள். அவள் வீட்டுக்காரர் சந்தையில் மிட்டாய்க்கடை வைத்திருந்தார். காராச்சேவும் மிக்சரும் நாள் முழுக்கப் பொரிகிற கடை. நான் தரையில் அடுப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்னக்கா, அடுப்புக்கு வைத்தியமா?"

"புளி போட்டேன், போகலை. கத்தி போட்டேன், கீறிடுச்சு."

"எண்ணெய்ப் பிசுக்குக்குப் போயி யாராவது புளி போடுவாவளா? புளி பித்தளைக் களிம்புக்கு. எண்ணெய்க்குச் சலவைச் சோடா. சும்மா தடவித் தேய்க்காதீய. கொதிக்கிற தண்ணியில கரைச்சு, பழைய துணியை முக்கி, தகட்டு மேல போர்த்திப் போட்டிருங்க. ஒரு மணி நேரம் அதை எட்டிப் பாக்கக் கூடாது. காயவும் விடக் கூடாது. அதுவா இளகும்."

"கையால தேய்க்க வேண்டாமா?"

"நீங்க எண்ணெயோட சண்டை போடுதீய அக்கா. ஊற விட்டா அது தன்னால விடும். ஆனா அலுமினியத்துல மட்டும் படாம பாத்துக்கிடுங்க. கறுத்துப் போகும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. பர்னரின் அடிப்பாகம் அலுமினிய வார்ப்பு. அதில் ஒன்றைச் சோடாத் தண்ணீரில் போட்டேன். நுரைத்துக்கொண்டு சாம்பல் நிறமாகக் கறுத்தது. மற்றதை அதில் போடாமல் சோப்புத் தண்ணீரில் கழுவினேன்.

தகட்டுக்குச் சோடா வேலை செய்தது. சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி, டியூபைக் கழற்றி, அடுப்பை முற்றத்துக்குக் கொண்டுபோனேன். துணியைப் போர்த்தி, காயும்போதெல்லாம் குளிக்க வெந்நீர் போடும் விறகடுப்பிலிருந்து சுடுதண்ணீர் எடுத்துத் தெளித்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் துணியை எடுத்தபோது அது டீ வடிகட்டிய துணி மாதிரி பழுப்பாக இருந்தது. தேன் நிறப் பகுதி முழுவதும் கொழகொழத்து வந்துவிட்டது. கருப்பட்டிப் பகுதி ஓரம் சுருண்டு நின்றது. தேங்காய் நாரால், தகட்டில் ஓடும் மெல்லிய கோடுகளின் போக்கிலேயே தேய்த்தேன். குறுக்கே தேய்த்தால் கீறும் என்று அதற்குள் கற்றிருந்தேன். கறுப்புப் பகுதிக்கு நான்கு தடவை துணி போர்த்த வேண்டியிருந்தது.

வரலாற்றுப் புத்தகங்கள் நிறைய வாசிப்பவள் என்பதால் எனக்கு ஒரு ஆசை இருந்தது. மண் அடுக்கில் காலத்தைப் பார்ப்பது போல, இந்தத் தோலிலும் மேலே பண்டிகை முறுக்கும், அதன் அடியில் மேயில் நடந்த கல்யாணப் பலகாரமும், அடியோடு அடியில் அம்மாவுக்கு நான் வைத்த ரசத் தாளிப்பும் தெரியும் என்று நினைத்தேன். அப்படி எதுவும் இல்லை. எல்லா எண்ணெயும் ஒன்றோடொன்று வெந்து ஒரே பொருளாகிவிட்டிருந்தது. எந்த வருடம் எங்கே என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. எனக்கும் அந்த எட்டு வருடம் டைரி இல்லாவிட்டால் அப்படித்தான் இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை மாலை மேல்தகடு முடிந்தது. கையில் தோல் வெடித்து, சோறு பிசைந்தால் எரிந்தது. மதினி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் கையை இழுத்து வைத்து, ஒவ்வொரு விரலாகத் தடவிவிட்டாள். நன்றி சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் எழுந்து போய்விட்டாள்.

புத்தாண்டு ஆராதனை, விருந்து என்று புதன் போயிற்று. வியாழன், ஜனவரி 2, தீயைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களுக்கு வந்தேன். இரண்டும் கறுப்பு பிளாஸ்டிக். முன்பக்கத் தகட்டில் பக்கத்துக்கொன்று. முன்னால் இழுத்தால் கழன்று வர வேண்டியவை, பிசுக்கில் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன. குறடால் பிடித்தால் உடையும் என்று பயந்து, ஒரு துணி நாடாவைக் குமிழுக்குப் பின்னால் சுற்றி இரண்டு முனையையும் சேர்த்து நேராக இழுத்தேன். 'டப்' என்று கழன்று வந்தது. உள்ளே பித்தளைத் தண்டு, ஒரு பக்கம் தட்டையாகச் செதுக்கப்பட்டது. குமிழின் துளையும் அதே வடிவம், ஆகவே ஒரே ஒரு விதமாகத்தான் பொருந்தும்.

குமிழ்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். எதையும் அழிப்பதற்கு முன் குறித்துவைப்பது என் பழக்கம். அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது: "குமிழ்களில் பிசுக்கு ஒரே சீராக இல்லை. விரல் அழுந்தும் இடத்தில் மெலிந்திருக்கிறது. இடது குமிழ்: இடப்பக்கம் பெருவிரல் அகலத்துக்கு ஒரு வழுவழுப்பு. வலது குமிழ்: இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று." எழுதிவிட்டு, அதன் பொருளை யோசிக்காமல் இரண்டையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் போட்டேன். சுடுதண்ணீரில் போட்டால் நெளிந்துவிடும் என்று அடுத்த வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பள்ளங்களைத் தேய்த்தேன். பிறகும் ஒரு மங்கல் இருந்தது. பொறுமை போய்விட்டது. நாள் நான்குதான் பாக்கி. கம்பி நாரை எடுத்தேன்.

குமிழ்களில் போட்டேன். அந்த வேகத்திலேயே, தண்டுக்குள் தண்ணீர் இறங்காமல் துணியைச் சுற்றிவிட்டு, சோடா தடவிய முன்பக்கத் தகட்டிலும் போட்டேன். பத்து நிமிடத்தில் எல்லாம் பளபளத்தது. கழுவி, காய்ந்த துணியால் துடைத்து, வெயிலில் வைத்து, மாட்டி, டியூபைப் பொருத்தி, இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. மதினியைக் கூப்பிட்டேன்.

"மைனி, வந்து பாருங்க. ஒப்படைச்சாச்சு."

மதினி வந்தாள். மேல்தகட்டில் முகம் பார்த்தாள். கத்திக் கீறலை விரலால் தடவினாள். பிறகு முன்பக்கம் குனிந்து, நிமிர்ந்து, என்னைப் பார்த்தாள்.

"எழுத்து எங்கட்டி?"

குமிழ்களைச் சுற்றித் தகட்டில் அச்சிட்டிருந்த எழுத்துகள், மூடியது, திறந்தது, சிறு தீ என்று காட்டுபவை, இல்லை. குமிழ்களின் மேல் இருந்த வெள்ளைக் கோடும் இல்லை. பிசுக்கு அவற்றை மூடிக் காத்துவந்திருக்கிறது. நான் பிசுக்கோடு சேர்த்து அவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டேன்.

"அது எதுக்கு மைனி, அமுக்கித் திருப்பினா பத்தும்."

"உனக்குப் பத்தும். எனக்கு? எது மூடினது, எது திறந்ததுன்னு நான் எதைப் பாத்துத் தெரிஞ்சுக்கிடுவேன்? பள்ளிக்கூட அவசரத்துல திறந்து போட்டுட்டுப் போனா? உங்க அண்ணன் வந்து லைட்டைப் போட்டா?"

அவள் முகம் வெளிறியிருந்தது. நடிப்பு என்று அப்போது தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. மாலையில் அண்ணன் வந்து குனிந்து பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி பார்த்தார்.

"நீ இல்லாம இதை யாரு பத்தவைப்பா? காஸ் ஆபீஸ்ல எழுதிக்கொடுப்போம். புதுத் தகடு வரட்டும். விடுதிக்காரங்களுக்கு ஒரு லெட்டர் போடு. பைய பாக்கலாம்."

அன்று நான் சாப்பிடவில்லை. முற்றத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியேறக் கொடுத்த ஒரே வேலையை அக்கறையாக, அளவுக்கு மீறிய அக்கறையாகச் செய்து, அதனாலேயே கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டேன். எட்டு வருடமும் அப்படித்தான் நடந்ததோ என்று தோன்றியது. யாரும் என்னைக் கட்டிவைக்கவில்லை. அம்மாவின் மருந்து வேளை எனக்கு மட்டும் தெரிந்தது. அண்ணன் மகளின் கணக்குப் பாடம் எனக்கு மட்டும் தெரிந்தது. இப்போது அடுப்பு மூடியிருக்கிறதா என்பது எனக்கு மட்டும் தெரிகிறது.

வெள்ளிக்கிழமையை அப்படியே கழித்துவிட்டு, சனிக்கிழமை காலை அடுப்பு பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். சந்தைப் பக்கம், ஒரு ஆள் நுழையும் அகலம். கடைக்கார அண்ணாச்சி சொன்னதைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"எழுத்தைப் பாத்தா தங்கச்சி அடுப்பு பத்தவைப்பாவ? மூடியிருந்தா அமுக்காம திரும்பாது. திரும்பலைன்னா மூடியிருக்கு. கண்ணே வேண்டாம், கை போதும்."

"வீட்டுல பயப்படுதாவ அண்ணாச்சி."

"அப்ப நகத்துக்குப் போடுத சாயம் இருக்குல்லா, அதைக் குமிழ் மேல ஒரு பொட்டு, தகட்டுல நேரா ஒரு பொட்டு. ரெண்டு பொட்டும் நேரா நின்னா மூடியிருக்குன்னு அர்த்தம். இந்தக் குமிழுக்குப் புதுசு தேடி அலையாதீய. இந்த மாடலே இப்ப வரல்ல." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராகக் கேட்டார். "பயப்படுத ஆளு அதைத் தொட்டதே இல்லையோ?"

"எட்டு வருஷமா இல்லை."

"தொடாதவுகளுக்கு என்ன பயம் தங்கச்சி? தொட்டவுகளுக்குத்தான் அது இருக்கும்" என்று சொல்லி வேறு அடுப்புக்குத் திரும்பிவிட்டார். அவர் பெரிதாக எண்ணிச் சொல்லவில்லை. ஆனால் நடந்துவரும்போது அது கூடவே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் டைரியைத் திறந்தேன். வியாழக்கிழமைப் பக்கம். இடது குமிழ் இடப்பக்கம். வலது குமிழ் இரண்டு பக்கமும். அடுப்புக்கு முன்னால் போய் நின்று என் வலக்கையை வைத்துப் பார்த்தேன். வலக்கையால் அமுக்கித் திறந்தால் பெருவிரல் குமிழின் இடப்பக்கம் அழுந்துகிறது, மற்ற விரல்கள் லேசாகத்தான் படுகின்றன. எத்தனை தடவை பிடித்தாலும் அங்கேதான். பிறகு இடக்கையை வைத்தேன். பெருவிரல் வலப்பக்கம் போய் உட்கார்ந்தது.

வீட்டில் இடக்கை ஒன்றுதான்.

ஒரு தடவை இரண்டு தடவை தொட்டால் அந்தப் பிசுக்கு தேயாது. வருடக்கணக்கில் சனிக்கிழமைகள் வேண்டும். நான் நூலகத்தில் இருந்த மதியங்களில் மதினி வலது பர்னரைப் பற்றவைத்துக் காப்பி போட்டிருக்கிறாள். குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஐந்தரைக்கு நான் வரும்போது காத்திருந்தவளாக இன்னொரு காப்பியும் குடித்திருக்கிறாள். அதற்கு இருந்த ஒரே சாட்சியை என் கையாலேயே சோப்புத் தண்ணீரில் போட்டுத் தேய்த்துவிட்டேன். மிச்சம் இருந்தது மூன்று வரி எழுத்து, அதுவும் என் எழுத்து.

கோபம் வந்தது. உடனே போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லை என்பாள், அண்ணன் பைய பார்க்கலாம் என்பார். பம்பாய்க்குப் போன பெண் விட்டுவிட்டுப் போன சிவப்பு நகச்சாயம் அலமாரியில் இருந்தது. இடது குமிழில் ஒரு பொட்டும், நேரே தகட்டில் ஒரு பொட்டும் வைத்தேன். பாட்டிலில் இன்னொரு ஜோடிக்கும் சாயம் இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

"மைனி, இடது பக்கம் அடையாளம் வச்சிட்டேன். வலது பக்கத்துக்குச் சாயம் பத்தலை. அதை மட்டும் தொடாதீங்க."

பொய்தான். அதையும் டைரியில் எழுதியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தோம். அண்ணன் சபைக் கூட்டத்துக்குத் தங்கிவிட்டார். நான் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட்டு, மதினிக்குக் கேட்கும்படி "துணி துவைக்கப் போறேன் மைனி, நேரமாகும்" என்று சொல்லி, கொல்லைப்புறம் போனேன். இரண்டு சேலை அலசிப் போடும் நேரம். ஈரக் கையோடு அடுப்படி வாசலுக்கு வந்தேன்.

வலது பர்னரில் நீல ஜ்வாலை சீராக எரிந்தது. மேலே கருப்பட்டித் தண்ணீர் கொதித்தது. மதினி எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். கொதி பொங்கும்போது, குனிந்து பார்க்காமல், இடக்கையை நீட்டிக் குமிழைத் திருகித் தீயைச் சிறிதாக்கினாள். சரியான அளவில் வந்து நின்றது. என்னால்கூடச் சில நாள் இரண்டு தடவை திருப்ப வேண்டியிருக்கும்.

காப்பித் தூளைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமா நிக்க?"

"இப்பதான்."

"ரெகுலேட்டரையும் மூடி வச்சிருக்க."

"ஆமா மைனி."

"சாயம் பத்தலைன்னு சொன்னியே?"

"பாட்டில்ல இருக்கு."

மதினி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கொஞ்ச காலம் பார்க்கவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், அடுப்பு ஆவியால் இல்லை.

"எட்டு வருஷமா பயம் இருக்குன்னுதான் சொன்னேன். பயமும் இருக்கு, பொய் இல்லை. ஒவ்வொரு தடவையும் கை நடுங்கும். நடுங்கிக்கிட்டே போட்டுக் குடிப்பேன்."

"அப்ப ஏன் மைனி?"

"சாயங்காலம் நீ வந்து அந்தக் காப்பியைப் போட்டுட்டு எதுத்தாப்ல உக்காந்து, இன்னைக்கு என்ன புஸ்தகம் எடுத்தேன்னு சொல்லுவியே, அது உங்க அண்ணனுக்குச் சொல்லத் தெரியுமா? பிள்ளையும் போயிட்டா. நீயும் போயிட்டா இந்த வீட்டுல நான் யார்ட்டப் பேச? அவுககிட்ட எதைச் சொன்னாலும் பைய பாக்கலாம்."

நான் மட்டும்தான் அந்த வாக்கியத்துக்குள் அடைபட்டிருந்தேன் என்று எண்ணியிருந்தேன். மதினி அதற்குள், கல்யாணமான நாளிலிருந்து, என்னைவிடப் பதினான்கு வருடம் அதிகமாக இருந்திருக்கிறாள். கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. 1989இல் போயிருக்க வேண்டியவள் நான். ஆனால் அதை அந்த நேரத்தில் சொல்ல முடியவில்லை.

அவள் இரண்டு டம்ளரில் காப்பியை ஊற்றினாள். குமிழை மூடினாள், குனிந்து ரெகுலேட்டரையும் மூடினாள். நாங்கள் அடுப்படித் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். கருப்பட்டி கொஞ்சம் கூடுதல்.

அண்ணன் ஒரு மணிக்கு வந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டார்.

"விடுதிக்கு லெட்டர் எழுதிட்டியா?"

நான் பதில் சொல்லுமுன் மதினி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"லெட்டர் எதுக்கு? அவளே போறா. நாளைக் காலைல ஏழு மணி பஸ். நீங்க பெட்டியைத் தூக்கிட்டுப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகணும்."

"அடுப்பு?"

"அடுப்பை நான் பாத்துக்கிடுதேன்."

அண்ணன் வாயைத் திறந்தார். மதினி கரண்டியோடு நின்று அவர் முகத்தையே பார்த்தாள். அவர் சோற்றைப் பிசைந்தார். பைய என்ற சொல் அன்றைக்கு வரவில்லை.

ஜனவரி 6 காலை ஒன்பது ஐம்பதுக்கு விடுதிக் கணக்கரிடம் கையெழுத்துப் போட்டேன். பஸ் ஜன்னலில் என்னென்ன பார்த்தேன் என்று அன்றைய பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. விரல் வெடிப்பு எரிகிறது என்று மட்டும் இருக்கிறது.

ஏப்ரல் கடைசியில் விடுமுறைக்கு வந்தேன். மதினி அடுத்த வீட்டில் இருந்தாள். சத்தம் போடாமல் அடுப்படிக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். மேல்தகடு சுத்தமாக இருந்தது. முதலில் சோப்புத் துணி, பிறகு காய்ந்த துணி என்று நான் எழுதி ஒட்டிவைத்த சீட்டு சுவரில் இருந்தது. குமிழ்களை மட்டும் அவள் கவனிக்கவில்லை. இரண்டின் மேலும் லேசான, விரல் ஒட்டுகிற, வைக்கோல் நிறப் படலம் வரத் தொடங்கியிருந்தது. இரண்டிலும் வலப்பக்கம் மட்டும் ஒரு பெருவிரல் அகலத்துக்குப் படலம் இல்லை. இடப்பக்கம் சீராக, யாரும் தொடாமல் படிந்திருந்தது.

பேனா எடுத்துக் குறித்துக்கொண்டேன். துணியைத் தேடிக் கை போனது. துடைக்காமல் விட்டுவிட்டேன்.